மழை கழுவாத பக்கம்

2022 டிசம்பர் 23ஆம் தேதி பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது அந்தப் பாலம். 1964 டிசம்பர் புயல் அதன் கர்டர்களைக் கடலுக்குள் தள்ளியபோதும் 46 நாட்களில் அதை மீட்டெடுத்துவிட்டார்கள். 2007இல் அகலப் பாதைக்கு மாற்றப்பட்டபின் அதிகப் பாரத்தையும் தாங்கியது. கடைசியில் அதை நிறுத்தியது புயலும் இல்லை, பாரமும் இல்லை. கப்பலுக்கு வழிவிடும் ஷெர்சர் தூக்குப் பகுதியின் எஃகு, துருவினால் நம்பத்தகாத நிலைக்குப் போய்விட்டது. அதற்குப் பக்கத்திலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறக்கப்பட்டது. 18.3 மீட்டர் நீளமுள்ள 99 கண்கள், நடுவில் 17 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் 72.5 மீட்டர் தூக்குக் கண் என்பது அதன் அமைப்பு. அந்த எஃகின் மேல் முதலில் துத்தநாகமும், அதற்கு மேல் பெயிண்டும் பூசியிருக்கிறார்கள். பராமரிப்பு இல்லாமலே 38 ஆண்டு, சிறிய பராமரிப்போடு 58 ஆண்டு தாங்கும் என்று ரயில்வே தரப்பு சொல்கிறது. அந்த எண்ணை எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் நம்புவது, எந்த இடத்தில் நம்பக் கூடாது என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள். என் வாதம் இதுதான்: இந்தக் கரையில் எஃகை அரிப்பது மழை இல்லை. உப்பு படிந்து, மழை எட்டாமல் இருக்கும் பக்கங்கள்தான் முதலில் போகின்றன. ஆகவே ஒரு பூச்சின் ஆயுளை அந்தப் பக்கங்களில்தான் அளக்க வேண்டும்.

எஃகு துருப்பிடிக்க நீரும் ஆக்சிஜனும் வேண்டும் என்பது பள்ளியில் படித்தது. நீர் என்றதும் மழைதான் நினைவுக்கு வரும். ஆனால் ராமநாதபுரம் மழை குறைந்த மாவட்டம். ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர்தான் பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்து போய்விடும். மழைதான் காரணம் என்றால் மேற்குத் தொடர்ச்சி மலையின் எஃகுத் தூண்கள் பாம்பனை விட வேகமாக அழிய வேண்டும். அப்படி நடப்பதில்லை. பாம்பனில் எஃகை நனைப்பது உப்பு. சமையல் உப்பின் முக்கியப் பகுதியான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அடுப்படியில் கல் உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கடலோரத்தில் ஈரப்பதம் பெரும்பாலான நேரம் இந்த அளவுகளுக்கு மேலேயே இருக்கும். எனவே உப்புப் படிந்த கர்டர், வானத்தில் ஒரு மேகம் இல்லாத மே மாதத்திலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உப்புநீர்ப் படலத்தைப் போர்த்திக்கொண்டே நிற்கிறது. அந்தப் படலம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். துரு ஒரு மின்வேதி வினை. கடத்தும் நீர் கிடைத்தால் அது விரைகிறது.

இதோடு காற்றின் போக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாலத்தின் தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் விரிகுடா. கோடை முற்றியதிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடித்துக்கொண்டே இருக்கும். அது இங்கே மழையைக் கொண்டுவருவதில்லை. அலை உடைந்து எழும் நுண்துளிகளை மட்டும் அள்ளிவந்து தென்பக்கத்தில் ஒட்ட வைக்கிறது. அதாவது, உப்பு வந்து சேரும் மாதங்களில் அதைக் கழுவ மழை இல்லை. வடகிழக்குப் பருவத்தில் காற்று மறுபக்கம் திரும்பி வடபக்கத்தில் உப்பைச் சேர்க்கிறது. ஆனால் அப்போது மழையும் கூடவே வருகிறது. பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை விடமாட்டார்கள் என்ற பழைய விதி, இங்கே காற்று எவ்வளவு சாதாரண விருந்தாளி என்பதைக் காட்டும்.

மழை வரும்போது என்ன செய்கிறது? மேல்முகத்தில் படிந்த குளோரைடைக் கரைத்துக் கொண்டுபோகிறது. கர்டரின் மேல் விளிம்புப் பட்டையும் வெளிப்பக்கச் சுவரும் ஒவ்வொரு டிசம்பரும் ஓரளவு சுத்தமாகிவிடும். கீழ்விளிம்பின் அடிப்பக்கம், இரண்டு கர்டர்களுக்கு நடுவே உள்ள உட்பக்கம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், தாங்கிகளின் பின்பக்கம் ஆகியவை ஆண்டுக்கு ஒருமுறைகூட நேர் மழையைப் பார்ப்பதில்லை. காற்று சுழன்று உள்ளே கொண்டுவந்த உப்பு அங்கேயே தங்குகிறது. வெயிலும் படாததால் ஈரமும் அங்கே நெடுநேரம் நிற்கிறது. கடலோரச் சோதனைக் களங்களில் திறந்த வெளியில் வைத்த எஃகு, துத்தநாகத் தகடுகளையும் கூரைக்கு அடியில் வைத்தவற்றையும் ஒப்பிடும்போது, கூரைக்கு அடியில் இருந்தவை அதிகம் அரிபடுவது பலமுறை பதிவாகியிருக்கிறது. மழை பட்டால் துருப்பிடிக்கும் என்ற பொது அறிவு உள்நாட்டில் சரி. கடலோரத்தில் அது தலைகீழாகிவிடுகிறது. தூரத்திலிருந்து ஒரு பாலத்தைப் பார்த்து அதன் நலத்தைத் தீர்மானிக்கிறவர், மழை கழுவிய பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்.

உலகத்திலேயே மயாமிக்கு அடுத்தபடியாக அரிப்பு மிகுந்த இடம் பாம்பன் என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். இப்படிப்பட்ட வரிசைப்படுத்தல் பொறியாளருக்கு எதற்கும் உதவாது; ஆண்டுக்கு எத்தனை மைக்ரான் போகிறது என்பதுதான் உதவும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் மண்டபத்தில் நெடுங்காலமாகச் சோதனைக் களம் வைத்திருந்ததும் அதற்காகத்தான்: தெரிந்த எடையுள்ள தகடுகளைக் காற்றில் தொங்கவிட்டு, துருவை வேதிமுறையில் நீக்கி, மறுபடி எடை போட்டு இழப்பைக் கணக்கிடும் எளிய, பொறுமையான வேலை அது. இத்தகைய அளவீடுகளை வைத்து ஐ.எஸ்.ஓ. 9223 என்ற உலகத் தரம் சூழல்களை வகுக்கிறது. கடுமையான கடலோரமான சி5 வகையில் வெறும் எஃகு முதலாண்டில் 80 முதல் 200 மைக்ரான் இழக்கும். அதற்கும் மேலான சி.எக்ஸ். வகையில் 200 முதல் 700 மைக்ரான். கடலுக்குள்ளேயே நிற்கும் பாலத்துக்கு இந்த இரண்டாம் வகையை வைத்துக் கணக்கிடுவதே பாதுகாப்பு. ஆண்டுக்கு 200 மைக்ரான் என்ற குறைந்த எல்லையையே எடுத்துக்கொள்வோம். பூச்சு இழந்த 10 மில்லிமீட்டர் தகடு, இரு பக்கமும் சேர்த்துப் பத்தாண்டில் 4 மில்லிமீட்டர் மெலிந்துவிடும். உள்நாட்டில் துரு தானே ஓரளவு தடுப்பாகி வேகத்தைக் குறைக்கும். குளோரைடு நிறைந்த துரு பொருபொருவென்று உதிர்ந்து, அந்தத் தடுப்பைத் தருவதில்லை.

துத்தநாகத்துக்கு இதே வகைகளில் உள்ள எண்கள் வேறு: சி5இல் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரான், சி.எக்ஸ்.இல் 8.4 முதல் 25 மைக்ரான். எஃகை விட இருபது முப்பது மடங்கு மெதுவாகக் கரைகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து அது ஒட்டிய கார்பனேட் படலத்தையும், உப்புக் காற்றில் குளோரைடு கலந்த இன்னொரு படலத்தையும் உருவாக்கிக்கொள்கிறது. இரண்டும் அடியிலுள்ள உலோகத்துக்குத் தடுப்பு. அதைவிட முக்கியமான குணம் ஒன்று உண்டு. துத்தநாகம் இரும்பை விட எளிதில் அயனியாகிவிடும். ஈரப்படலத்தில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் கரையும், இரும்பு காப்பாற்றப்படும். பூச்சில் ஒரு கீறல் விழுந்து எஃகு வெளியே தெரிந்தாலும், கீறல் சில மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருக்கும்வரை ஓரத்துத் துத்தநாகம் அதைக் காக்கும். சாதாரணப் பெயிண்ட் தனியாக இதைச் செய்யாது. கீறலிலிருந்து துரு பெயிண்டுக்கு அடியில் ஊர்ந்து போகும். நாம் கொப்புளத்தைப் பார்க்கும்போது அடியில் உள்ளங்கை அகலத்துக்கு எஃகு போயிருக்கும்.

இனி, துத்தநாகத்தை எஃகின் மேல் ஏற்றும் வழி. ஜி.ஐ. என்று கடைகளில் நாம் கேட்கும் பொருள் சூட்டுக் குளியலில் பிறந்தது. எஃகை அமிலத்தில் தோய்த்துத் துருவையும் ஆலைப் பொருக்கையும் நீக்கி, துத்தநாக அம்மோனியம் குளோரைடு கரைசலில் முக்கி, சுமார் 450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகி நிற்கும் துத்தநாகத் தொட்டிக்குள் இறக்குகிறார்கள். இரும்பும் துத்தநாகமும் ஒன்றுக்குள் ஒன்று ஊறி, கலப்புலோக அடுக்குகளாக வளர்கின்றன. மேலே தூய துத்தநாகம் ஒட்டி வருகிறது. இது பூசியது இல்லை, பிணைந்தது, உரிக்க முடியாது. மூலைகளிலும் உட்குழாய்களிலும் திரவம் தானே போய்ச் சேரும் என்பது இதன் பெரிய பலம். 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட தடிப்புள்ள எஃகில் சராசரியாக 85 மைக்ரான் ஏற வேண்டும் என்கிறது தரம். ராமநாதபுரம் மாவட்டத்தின் உள்பகுதியில், கமுதி சூரியமின் நிலையத்தின் தகடுகளைத் தாங்கும் சட்டங்கள் போன்றவற்றுக்கு இது மட்டுமே போதுமான காப்பு. கடலோரத்திலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே போனதுமே காற்றிலுள்ள உப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ராமேசுவரம் தீவில் உள்ளே போக இடமே இல்லை. சி.எக்ஸ். வேகத்தில் 85 மைக்ரானை வகுத்துப் பாருங்கள்: மூன்றரை ஆண்டிலிருந்து பத்தாண்டு. ஒரு கைப்பிடிக்கோ விளக்குக் கம்பத்துக்கோ அது போதலாம். நூறாண்டு நிற்க வேண்டிய கர்டருக்குப் போதாது.

கர்டரைக் குளியலில் இறக்குவதே கடினம் என்பது இன்னொரு காரணம். 18 மீட்டர் நீளத்தை விழுங்கும் தொட்டி அரிது. பாதி பாதியாக முக்கலாம். ஆனால் வெல்டிங் செய்து இணைத்த பெரிய கர்டரில் உள்ளுக்குள் அடங்கியிருந்த இழுவிசைகள் 450 டிகிரியில் அவிழ்ந்து, கர்டர் முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. ஆகவே பாம்பனில் மெட்டலைசிங் வழியை எடுத்தார்கள். துத்தநாகக் கம்பியை மின்வில்லிலோ தீச்சுடரிலோ உருக்கி, அழுத்தக் காற்றால் துளிகளாக்கி எஃகின் மேல் வீசுவது இது. சுவிட்சர்லாந்தின் மேக்ஸ் ஷூப் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை. எஃகு சூடேறுவதில்லை, அளவுக்கு எல்லையில்லை, வேண்டிய தடிப்பை ஏற்றலாம். பாம்பனில் 200 மைக்ரான் துத்தநாகம், அதன் மேல் 25 மைக்ரான் எபாக்சி அடைப்பு, அதற்கும் மேல் 125 மைக்ரான் பாலிசிலாக்சேன் என்பது திட்டம். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு வேலை. வீசிய துத்தநாகம் நுண்துளைகள் நிறைந்தது. நேரடியாகக் கனமான பெயிண்டைப் பூசினால் துளைகளில் சிக்கிய காற்று வெளியேறி ஊசித் துளைகளை உண்டாக்கும். மெல்லிய எபாக்சி முதலில் உள்ளிறங்கித் துளைகளை அடைக்கிறது. ஆனால் எபாக்சி வெயிலில் சில ஆண்டுகளிலேயே சுண்ணாம்புபோல் பொடிந்துவிடும். பாலிசிலாக்சேனின் முதுகெலும்பு சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு; கார்பன் பிணைப்பைவிட வலுவானது, புற ஊதாக் கதிரில் எளிதில் அறுபடாது. ராமநாதபுரத்து வெயிலை வாங்கிக்கொள்ள அதை மேலே வைத்தது சரியான தேர்வு.

துத்தநாகத்துக்கு மேல் எந்த பெயிண்டும் பூசலாம் என்று நினைப்பதால்தான் கடலோர வீடுகளில் ஜி.ஐ. கேட்டுகள் செதில் செதிலாக உரிகின்றன. சாதாரண எனாமல், எண்ணெய் அடிப்படையிலானது. ஈரம் ஊடுருவும்போது துத்தநாகத்தின் மேல் காரத்தன்மை உண்டாகிறது. காரமும் எண்ணெயும் சேர்ந்தால் சோப்பு. பெயிண்டுக்கு அடியில் அந்தச் சோப்புப் படலம் உருவாகி, பெயிண்ட் தாள்போல் கழன்றுவிடும். குறை துத்தநாகத்திலும் இல்லை, பெயிண்டின் தரத்திலும் இல்லை. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒவ்வாதவை. புது ஜி.ஐ. மேல் பூச வேண்டுமானால் அதன் வழுவழுப்பை மென்மையாகச் சொரசொரப்பாக்கி, எபாக்சி வகை பிரைமரில் தொடங்க வேண்டும்.

துத்தநாகமும் பெயிண்டும் சேரும்போது ஆயுள் வெறும் கூட்டுத்தொகையாக இருப்பதில்லை. பெயிண்ட் இருக்கும்வரை துத்தநாகம் கரையாது. பெயிண்டில் கீறல் விழுந்தால், துத்தநாகம் கரைந்து உண்டாகும் பொருள் அந்த இடத்தை ஓரளவு அடைத்துவிடும். துருவைப் போல வீங்கிப் பெயிண்டைத் தூக்காது. கூட்டுத்தொகையில் 1.5 முதல் 2.3 மடங்கு வரை கிடைக்கும் என்று துறையில் கணக்கிடுவார்கள். கடல் சூழலில் அந்த வரம்பின் கீழ்முனையைத்தான் எடுக்க வேண்டும். பாம்பனுக்குப் பொருத்துவோம். துத்தநாகம் ஆண்டுக்கு 20 மைக்ரான் என்ற கடுமையான வேகத்தில் போகிறது என்றால் 200 மைக்ரானுக்கு 10 ஆண்டு. 150 மைக்ரான் பெயிண்டுக்கு 15 ஆண்டு என்று வைப்போம். கூட்டினால் 25, ஒன்றரை மடங்கு 37.5. அறிவிக்கப்பட்ட 38 ஆண்டு ஆகாயத்திலிருந்து வந்ததில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. இதே வகைக் கணக்கு நியாயமாக அங்கே கொண்டுபோகும். ஆனால் இந்தக் கணக்கில் நான் வைத்த ஒவ்வொரு எண்ணும் சமதளத் தகட்டின் நடுப்பகுதிக்கு உரியது. பெயிண்ட் அமைப்புகளுக்கான ஐ.எஸ்.ஓ. 12944 தரமே, தான் கூறும் ஆயுட்காலம் உத்தரவாதம் இல்லை, முதல் பெரிய மறுபூச்சுக்குத் திட்டமிட உதவும் மதிப்பு மட்டுமே என்று எழுதி வைத்திருக்கிறது. பாலம் தகட்டின் நடுவில் அழியத் தொடங்குவதில்லை.

அது தொடங்கும் இடங்களில் முதலாவது விளிம்பு. திரவப் பெயிண்ட் காயும்போது பரப்பு இழுவிசை அதைக் கூர்மையான விளிம்பிலிருந்து உள்ளே இழுக்கிறது. சமதளத்தில் 125 மைக்ரான் காட்டும் அளவி, கத்தரித்த விளிம்பில் அதில் பாதியைக்கூடக் காட்டாமல் போகலாம். ஆகவே விளிம்புகளை அரைத்து 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைவாக்க வேண்டும். பிறகு தெளிப்பதற்கு முன் விளிம்பு, வெல்டிங் வரி, போல்ட் தலை ஆகியவற்றுக்குத் தூரிகையால் ஒரு கூடுதல் பூச்சு கொடுக்க வேண்டும். கை நோகும், நேரம் பிடிக்கும் வேலை. ஒப்பந்த அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான், ஏனென்றால் பூசி முடித்தபின் விடுபட்டது கண்ணுக்குத் தெரியாது. ஐந்தாறு ஆண்டு கழித்து, கீழ்விளிம்பு நெடுக ஒரு பழுப்புக் கோடாக அது தெரியவரும்.

இரண்டாவது இடம் இடுக்கு. பழைய பாலம் முழுக்க ரிவிட் அடித்துச் சேர்த்த தகடுகளால் ஆனது. ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு தகடுகளுக்கு நடுவே உப்புநீர் நுண்குழாய் ஈர்ப்பினால் ஏறும். உள்ளே தூரிகையும் போகாது, மழையும் போகாது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், தகடுகளை விலக்கி ரிவிட்டின் கழுத்தையே இழுக்கும். எத்தனை முறை மேலே பெயிண்ட் அடித்தாலும் இந்த வினை உள்ளே நடந்துகொண்டேயிருக்கும். புதிய பாலத்தில் இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்ததை அழகுக்காகவோ வேகத்துக்காகவோ செய்ததாகக் கருத வேண்டாம். அரிப்பைத் தடுக்கும் கண்ணோட்டத்தில் 200 மைக்ரான் துத்தநாகத்துக்கு நிகரான முடிவு அது.

மூன்றாவது, பூச்சுக்கு அடியிலேயே சிறைப்பட்ட உப்பு. மணல் வீச்சு என்று இன்றும் சொல்லும் பிளாஸ்டிங்கில், எஃகை எஸ்.ஏ. 2½ என்ற தூய்மைக்கோ அதற்கும் மேலோ கொண்டுவந்து, அதன் பரப்பைச் சொரசொரப்பாக்குகிறார்கள். வெள்ளி போல மின்னும். ஆனால் மின்னும் எஃகில் உப்பு இல்லை என்று பொருளில்லை. சில மணி நேரத்தில் கடற்காற்று அதில் குளோரைடைப் படிய வைத்துவிடும். அதன் மேல் பூசினால், பெயிண்ட் வழியே நீராவி மெதுவாக ஊடுருவி அடியிலிருக்கும் உப்பைத் தேடிப் போகும். சவ்வூடு அழுத்தம் கொப்புளங்களை எழுப்பும். மேல்பூச்சில் ஒரு கீறலும் இல்லாமலே பெயிண்ட் கொப்புளிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு: சின்ன ஒட்டுப்பையை எஃகில் ஒட்டி, ஊசியால் காய்ச்சி வடித்த நீரை உள்ளே செலுத்தி, மீண்டும் உறிஞ்சி, அதன் மின்கடத்தும் திறனை அளக்கிறார்கள். சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் உப்பு என்பது கடுமையான வரம்பு. தாண்டினால் நன்னீரால் கழுவி, மீண்டும் பிளாஸ்டிங் செய்ய வேண்டும். நன்னீரையே விலை கொடுத்து வாங்கும் ஒரு கரையில் இந்த ஒரு வரி எவ்வளவு செலவு வைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடற்கரை மணலை வீசுவது உப்பை வீசுவதற்குச் சமம். அதன் சிலிக்கா தூசு தொழிலாளியின் நுரையீரலையும் அழிக்கும். எனவே எஃகுக் குருணையோ கார்னெட்டோதான் வீச வேண்டும். பிளாஸ்டிங் முடிந்து நான்கு மணி நேரத்துக்குள் துத்தநாகம் ஏற வேண்டும். எஃகின் வெப்பம் பனிப்புள்ளியைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பாம்பன் விடியற்காலையில் மூன்றில் கடைசி இரண்டும் அடிபட்டுப்போகும். பட்டறைக் கூரையின் கீழ் செய்த பூச்சுக்கும், பாலத்தின் மேல் தொங்கிக்கொண்டு செய்த பூச்சுக்கும் ஒரே பெயிண்டில் வேறு வேறு ஆயுள் வருவது இதனால்தான்.

இந்த இடத்தில் மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது: இவ்வளவு எதற்கு, அடிக்கடி பெயிண்ட் அடித்தால் போதாதா? நூறாண்டுக்கு மேல் பழைய பாலம் அப்படித்தானே நின்றது? நின்றது உண்மை, அதைச் செய்த தொழிலாளர்களின் உழைப்பு பெரிது. ஆனால் திரும்பத் திரும்ப அடித்த பெயிண்ட், கழுவாத உப்பையும் சுரண்டாத துருவையும் அடுக்கடுக்காக உள்ளே பூட்டி வைக்கிறது. தூரிகை எட்டாத இடுக்கில்தான் கடைசித் தீர்ப்பு எழுதப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஃபோர்த் ரயில் பாலமும் ஓயாத பெயிண்ட் வேலைக்குப் பெயர்போனது. அங்கேயும் கடைசியில் பழைய அடுக்குகளை எஃகுவரை சுரண்டி நீக்கி, கண்ணாடிச் செதில் கலந்த எபாக்சி அமைப்பைப் பூசி, 2011இல் அந்த வேலையை முடித்தார்கள். அடிக்கடி பூசுவது நல்ல அடித்தளத்துக்கு மாற்று இல்லை என்று அந்தப் பாலமும் சொல்கிறது.

இரண்டாவது மறுப்பு: துருப்பிடிக்காத எஃகையே பயன்படுத்தலாமே? புதிய பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டிருக்கிறார்கள். உள்ளே போனபின் யாரும் தொட முடியாத கம்பிக்கு அது நியாயம். திறந்து நிற்கும், பூச்சைப் புதுப்பிக்கக்கூடிய கர்டர்களுக்குப் பல மடங்கு விலை கொடுக்க முகாந்திரம் குறைவு. தவிர, மழை கழுவாத இடத்தில் குளோரைடு அந்த எஃகின் சாதாரண ரகங்களையும் குழிகுழியாக அரிக்கும். தானே தடுப்புத் துருவை வளர்த்துக்கொள்ளும் வானிலை எஃகோ இங்கே அறவே உதவாது. நனைந்து, கழுவப்பட்டு, காய்ந்து என்ற சுழற்சியில்தான் அதன் படலம் இறுகும். உப்பு ஈரத்தில் அது காயவே காயாது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது: துத்தநாகத்துக்குப் பதில் அலுமினியத்தை வீசியிருக்கலாமே? அமெரிக்க வெல்டிங் சங்கம் 19 ஆண்டுகள் கடலிலும் கடற்காற்றிலும் தகடுகளை வைத்து நடத்திய சோதனையில், அடைப்புப் பூசிய அலுமினியம் 80 முதல் 150 மைக்ரான் தடிப்பிலேயே எஃகை முழுக்கக் காத்தது. கடல்நீரில் அடைப்பில்லாத துத்தநாகத்துக்கு அதற்கு 300 மைக்ரான் வேண்டியிருந்தது. நீடித்து நிற்பதில் அலுமினியம் முந்துகிறது என்பதை மறுக்க முடியாது; அதன் ஆக்சைடு படலம் அவ்வளவு இறுக்கமானது. ஆனால் அந்த இறுக்கமே காற்றில் அதன் தியாகக் குணத்தைக் குறைக்கிறது. கர்டரைத் தூக்கும்போதும், தாங்கியில் இறக்கும்போதும், ஸ்லீப்பர்களைப் பூட்டும்போதும் கீறல்கள் தவிர்க்க முடியாதவை. கீறலை உடனே காப்பதில் துத்தநாகத்தின் கை மேலே. மேலே நல்ல பெயிண்ட் இருக்கும், கீறல்களும் இருக்கும் என்ற நிலையில் துத்தநாகம் ஏற்கத்தக்க தேர்வு என்பது என் முடிவு. ஆனால் அலை நேரடியாகத் தெறிக்கும் உயரத்தில் எஃகு இருந்திருந்தால் அலுமினியத்தின் பக்கம் சாய்ந்திருப்பேன்.

இதிலிருந்து பராமரிப்புக்கு ஒரு வேறு வரைபடம் கிடைக்கிறது. ஆய்வாளர் பாலத்தின் மேல் நடந்து பார்ப்பதைவிட, படகிலிருந்தோ தொங்கு மேடையிலிருந்தோ கீழ்விளிம்பின் அடியைப் பார்க்க வேண்டும். அங்கே வெள்ளைப் பொடி தெரிந்தால் பெயிண்ட் திறந்துவிட்டது, துத்தநாகம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். அது அபாயம் இல்லை. அதுதான் சரிசெய்ய மலிவான நேரம். கழுவி, தளர்ந்ததைச் சுரண்டி, எபாக்சியும் மேல்பூச்சும் மட்டும் கொடுத்தால் போதும். செம்பழுப்பு ஒழுகல் தெரிந்தால் துத்தநாகம் அங்கே தீர்ந்துவிட்டது. இனி எஃகுவரை பிளாஸ்டிங் செய்து மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும், செலவும் பல மடங்கு. இரண்டுக்கும் நடுவே உள்ள சில ஆண்டுகளைத் தவறவிடாமல் இருப்பதுதான் பராமரிப்பின் முழுக் கலையும். பராமரிப்பே வேண்டாம் என்று 38 ஆண்டைப் படித்தால், மறைவுப் பக்கங்களில் அந்தச் சில ஆண்டுகள் யாரும் பார்க்காமலே கடந்துபோகும்.

கழுவுவதும் அதே தர்க்கம். மழை மேல்முகத்தைக் கவனித்துக்கொள்ளும். கச்சான் அடிக்கும் மாதங்களின் நடுவிலும் முடிவிலும் கர்டர்களின் உட்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் தாங்கிகளின் மூலைகளையும் அழுத்த நன்னீரால் கழுவினால், மழை செய்யாமல் விட்டதை மனிதர் செய்கிறார்கள். தொட்டுப் பூசும் வேலைக்கு உகந்த காலம் குறுகியது. வடகிழக்குக் காற்று தணிந்து கச்சான் தொடங்குவதற்கு முன், பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை, காலைப் பனி விலகியபின் கிடைக்கும் மணி நேரங்கள் மட்டுமே. அதற்குள்ளும் ரயில் ஓடாத இடைவெளிகளில்தான் மேடை கட்டி ஏற முடியும். எனவே 99 கண்களையும் ஒரே பருவத்தில் முடிக்க நினைக்காமல், தென்பக்கக் கர்டர்களின் அடிப்பக்கத்தையும், அசையும் பாகங்களும் இடுக்குகளும் அதிகமுள்ள தூக்குக் கண்ணையும் ஒவ்வோர் ஆண்டும் பார்த்துவிட்டு, மற்றவற்றைச் சுழற்சியில் எடுத்துக்கொள்வதே இந்தக் கரையின் காற்றுக்குப் பொருந்தும் அட்டவணை.